ஏற்றிப்போனதா, அடைத்து வைத்ததா?

2011ஆம் ஆண்டு, ஹைதராபாத். பள்ளிச் சுற்றுலா முடிந்து வீடு திரும்பவேண்டிய ஆறாம் வகுப்பு மாணவனை, அவன் ஏறிய ஆட்டோவின் ஓட்டுநர் வேறிடத்துக்குக் கொண்டுபோனார். தந்தைக்குத் தொலைபேசி வந்தது: 2 லட்சம் ரூபாய் வேண்டும். போலீஸ் பையனை மீட்டது. கீழ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, தண்டனையை 7 ஆண்டாகக் குறைத்தது.

பணம் கேட்டது பொய்யென்று நீதிமன்றம் சொல்லவில்லை. பணத்துக்காகக் கடத்திய குற்றத்துக்கு, ஆளைக் கொண்டுபோவதும் பணம் கேட்பதும் மட்டும் போதாது. கொல்வோம், காயப்படுத்துவோம் என்ற மிரட்டலோ, அப்படி அஞ்சவைக்கும் நடத்தையோ இருக்கவேண்டும். அது நிரூபணமாகவில்லை. தன்னை நல்லபடியாகவே வைத்திருந்ததாகப் பையனும் சாட்சி சொன்னான்.

அப்படியானால் அந்த 7 ஆண்டு எதற்கு? 18 வயது நிரம்பாதவரைப் பெற்றோரின் சம்மதமின்றி அவர்களின் பாதுகாப்பிலிருந்து கொண்டுபோனாலே ஆட்கவர்தல் ஆகிவிடும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 137ஆம் பிரிவு. என்ன நோக்கம் என்று சட்டம் கேட்பதில்லை. பிள்ளை விரும்பிப் போனான் என்ற வாதமும் எடுபடாது.

அதே ஆட்டோவில் முப்பது வயதுக்காரர் ஒருவர் இருந்திருந்தால் கதை மாறும். பலவந்தமாகவோ, ஏமாற்றியோ ஓரிடத்திலிருந்து அவரை நகர்த்தினால் அது ஆட்கடத்தல், 138ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பிரிவு குற்றம் இன்னதென்று சொல்கிறதே தவிர, தண்டனை எதையும் சொல்லவில்லை. தண்டனை நோக்கத்தைப் பொறுத்தது: கொலைக்காகவா, ரகசியமாக அடைத்து வைக்கவா, அடிமையாக்கவா? ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பதை மட்டும் நிரூபித்து, ஏன் என்பதை விட்டுவிட்டால் கடத்தல் வழக்கு நிற்காது. பல வழக்குகள் நொண்டுவது இங்கேதான்.

அவரை யாரும் எங்கும் கொண்டுபோகவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். கடன் தவணை பேசப் போனவரை ஃபைனான்ஸ் அலுவலகத்தின் உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அவர் தானாகப் போனவர், நகர்த்தல் இல்லை. ஆகவே இது சட்டவிரோதமாக அடைத்து வைத்தல், 127ஆம் பிரிவு. இதற்கு ஓராண்டு வரை சிறை; மூன்று நாளோ அதற்கு மேலோ அடைத்தால் மூன்று ஆண்டு வரை, பத்து நாளோ அதற்கு மேலோ என்றால் ஐந்து ஆண்டு வரை. சுவர்தான் வேண்டும் என்பதில்லை, வெளியேறினால் சுடுவோம் என்று வாசலில் ஆள் நின்றாலும் அடைப்புதான்.

உள்ளே பூட்டியபடியே அவர் மனைவியை அழைத்து, ‘பணம் வரலைன்னா உசிரோட வரமாட்டான்’ என்றால், அதனால் மட்டும் வழக்கு 140ஆம் பிரிவுக்குத் தாவிவிடாது. ஆளைக் கவர்ந்தோ கடத்தியோ, அதன்பின் பிடித்து வைத்தோ, மிரட்டிப் பணம் கேட்டால்தான் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க அது இடம் தருகிறது. அதனால் கடத்தல் புகார் எழுதும்போது மிரட்டல் சொற்களை, கேட்டது கேட்டபடியே, நேரத்தோடு எழுதவேண்டும். ‘பணம் கேட்டார்கள்’ என்று மட்டும் எழுதிய புகாரால் அந்தப் பிரிவைத் தாங்க முடியாது.