கடை இல்லாத பிளம்பரும் கூகுள் மேப்பும்

மதுரை செல்லூரில் ஒரு பிளம்பர் என்று வைத்துக்கொள்வோம். கடை கிடையாது, டூல்ஸ் பையும் பைக்கும்தான். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் தொடங்க அவருக்குக் காசு செலவில்லை. ஆனால் முகவரி கேட்கும் இடத்திலேயே பலர் சறுக்குகிறார்கள். வாடிக்கையாளர் வந்து போகாத வீட்டை மேப்பில் காட்டக்கூடாது என்பது விதி. முகவரியை மறைத்துவிட்டு, வேலைக்குப் போகும் பகுதிகளை மட்டும் கொடுக்க வேண்டும். 20 பகுதிகள் வரை சேர்க்கலாம். அதற்காக 20 இடத்திலும் முதலில் வந்துவிடுவோம் என்று நினைக்க வேண்டாம். தேடுபவருக்கும் நமக்கும் உள்ள தூரத்தையும் கூகுள் பார்க்கிறது.

அடுத்து பெயர். பில்லில் ‘முருகன் பிளம்பிங்’ என்றிருந்தால் அதே பெயர்தான். ‘முருகன் பிளம்பிங் மதுரை பெஸ்ட் 24 மணி நேரம்’ என்று நீட்டினால் ப்ரொஃபைலையே முடக்கிவிடலாம். என்ன தொழில் என்பதைச் சொல்லத்தான் ‘கேட்டகரி’ என்ற தனிக் கட்டம் இருக்கிறதே!

சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள். தெருப் பெயர்ப் பலகையில் தொடங்கி, பைப் ரெஞ்ச், த்ரெட்டிங் டை, பெயர் அச்சிட்ட பில் புக் வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். வங்கிக் கணக்கு விவரம் அதில் தெரியக்கூடாது.

இதையெல்லாம் தெரிந்த பையனிடம் ஒப்படைப்பதில் தப்பில்லை. ஆனால் அவனுடைய ஜிமெயிலில் தொடங்கவிட்டால் நாளைக்கு போன் நம்பரை மாற்றக்கூட அவனைத் தேட வேண்டியிருக்கும். உரிமையாளர் கணக்கு பிளம்பருடையதாக இருக்கட்டும். பையனை ‘மேனேஜர்’ ஆகச் சேர்த்தால் போதும்.