நரம்பு வலையின் மிகைத் துணிவு

ஓர் இலையின் படத்தைக் காட்டினால், நரம்பு வலை ‘இது வேம்பு, 94 விழுக்காடு உறுதி’ என்கிறது. அந்த 94-ஐ அப்படியே நம்பலாகாது என்பதை என் ஆய்வின்போதுதான் அறிந்தேன்.

உறுதி மெய்யானால், ‘94’ என்று கூறிய நூறு படங்களில் ஏறக்குறைய 94 சரியாக வேண்டுமன்றோ? இதைச் சோதிப்பதே நம்பக வரைபடம். விடைகளை உறுதிக்கேற்பப் பத்துக் கூறுகளாக்கி, ஒவ்வொன்றின் சராசரி உறுதியைக் கிடையாகவும், சரியான விடைகளின் விழுக்காட்டைச் செங்குத்தாகவும் குறிக்கிறோம். புள்ளிகள் மூலைவிட்டத்தின்மீது அமைந்தால் நலம். எனக்கோ அவை கோட்டின் கீழே விழுந்தன.

காரணம் யாது? பயிற்சிப் படங்கள் அனைத்தையும் வலை சரியாகச் சொன்ன பின்னும் பிழைமதிப்பு சுழியாவதில்லை. மதிப்பெண்களைப் பெருக்கினால் இன்னும் குறையும். ஆகவே பயிற்சி அவற்றைப் பெருக்கிக்கொண்டே செல்கிறது. புதிய படத்திலும் அதே துணிவு தொடர்கிறது, திறமை தொடர்வதில்லை.

2017-இல் குவோவும் அவருடன் ஆய்ந்தோரும் எளிய மருந்தொன்றைக் காட்டினர்: மதிப்பெண்களை T என்னும் ‘வெப்பநிலை’யால் வகுத்தல். வேம்பு 4, புங்கு 1, அரசு 0 எனில் சாஃப்ட்மாக்ஸ் கணக்கில் வேம்புக்கு 94 விழுக்காடு. T = 2 எனில் மதிப்பெண்கள் 2, 0.5, 0, வேம்புக்கு 74 விழுக்காடே. வரிசை மாறாததால் விடையும் மாறாது.

பயிற்சியில் சேராத தனிப் படங்களில் பிழைமதிப்பு மிகக் குறையும் T-ஐயே கொள்ள வேண்டும். பயிற்சிப் படங்களிலேயே தேடினால் மிகைத் துணிவு தென்படாது. வேறு ஒளியில் எடுத்த படங்கள் வந்தால் பழைய T பொருந்தாமற் போகலாம். அப்போது வரைபடத்தை மீண்டும் வரைந்தே பார்க்க வேண்டும்.