தட்டணு ஏறாதபோது எழும் கேள்வி

மழைக்காலத்தில் காய்ச்சலோடு வருபவரின் ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தால், தமிழ்நாட்டில் எவருக்கும் முதலில் தோன்றுவது டெங்கு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் டெங்குவில் இறங்கிய தட்டணுக்கள் ஓரிரு வாரத்தில் தாமாகவே ஏறிவிடும். ஒரு மாதம் கழித்தும் ஏறவில்லை என்றால் மருத்துவர் வேறு காரணத்தைத் தேடுவார். அந்தத் தேடலில் எச்.ஐ.வி. பரிசோதனையும் சேரும்.

துணிக்கடையில் வேலை பார்க்கும் 38 வயதுக்காரர் ஒருவரின் ரிப்போர்ட் என்று ஓர் உதாரணம்: தட்டணுக்கள் 48,000, ஹீமோகுளோபின் 9.4; வெள்ளையணுக்கள் 3,800; அவற்றில் லிம்ஃபோசைட்டுகள் 20 சதவீதம். தட்டணு 1,50,000-க்கு மேல் இருக்க வேண்டும் என்பதால் அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். லிம்ஃபோசைட்டைப் பலரும் கவனிக்க மாட்டார்கள். 20 முதல் 40 சதவீதம் வரை இயல்பு என்று பக்கத்திலேயே போட்டிருக்குமே.

கோட்டைவிடும் இடம் இதுதான். சதவீதத்தைப் பார்க்காமல் கணக்குப் போட வேண்டும். 3,800-ல் 20 சதவீதம் 760. பெரியவர்களுக்கு இது 1,000-க்குக் கீழே போகக் கூடாது. மொத்தமே குறைந்துவிட்டதால் சதவீதம் மட்டும் ஒழுங்காகத் தெரிகிறது.

லிம்ஃபோசைட்டுகளில் ஒரு வகை சி.டி.4 அணுக்கள். நோய் எதிர்ப்பில் மற்ற அணுக்களை வழிநடத்துபவை இவையே. எச்.ஐ.வி. குறிவைத்து நுழைவதும் இவற்றுக்குள்தான். இவை சாகச் சாக, முதலில் சில காலம் சி.டி.8 என்ற இன்னொரு வகை பெருகி அந்த இடத்தை நிரப்பிவிடும். அதனால் மொத்த லிம்ஃபோசைட் எண்ணிக்கை பல ஆண்டுகள் இயல்பாகவே தெரியலாம். மொத்தமும் சரிகிறது என்றால் தொற்று நெடுநாளாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் காசநோயிலும் ஸ்டீராய்டு மருந்துகளாலும்கூட லிம்ஃபோசைட்டுகள் குறையும். ஆகவே ரத்த எண்ணிக்கை சந்தேகத்தைக் கிளப்பலாம், எச்.ஐ.வி. என்று தீர்ப்புச் சொல்லாது. எண்ணிக்கை இயல்பாக இருப்பதால் தொற்று இல்லை என்றும் ஆகாது.

தட்டணுக் குறைவு இன்னொரு கதை. எச்.ஐ.வி. வந்தபின் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள்களில் சில, தவறுதலாகச் சொந்தத் தட்டணுக்களின் மேலேயே ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டியவற்றை மண்ணீரல் பிடித்து அழிக்கிறது. எலும்பு மஜ்ஜையில் தட்டணுக்களை உருவாக்கும் தாய் அணுக்களுக்குள்ளும் வைரஸ் புகுவதால் உற்பத்தியும் குறைகிறது. இது சி.டி.4 நன்றாக இருக்கும்போதே, வேறு எந்த அறிகுறியும் இல்லாமல் தலைகாட்டலாம். எனவே தட்டணு இறங்கியதை வைத்து மட்டும் நோய் முற்றிவிட்டது என்று சொல்ல முடியாது.

ரத்தசோகைக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஓயாத அழற்சி. அழற்சி நீடித்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும். அது உடலின் இரும்பைச் சேமிப்பிலேயே பூட்டி வைத்துவிடும். இரும்பு கையிருப்பில் இருந்தும் மஜ்ஜைக்குப் போய்ச் சேராது. இந்த நிலையில் இரும்புச்சத்து மாத்திரையால் பெரிய பலன் கிடைக்காது.

உதாரணத்துக்குத் திரும்பினால், அடுத்த படி அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையம். அங்கே அவருடைய சம்மதத்தோடு ரத்தம் எடுத்து, வெவ்வேறு முறைகளில் சோதித்து உறுதி செய்வார்கள். சி.டி.4 எண்ணிக்கை 142 என்று வந்தால் அது 200-க்குக் கீழே. காசநோய் போன்ற தொற்றுகளை உடனே தேட வேண்டிய நிலை. ஆனால் கூட்டு மருந்து தொடங்க சி.டி.4 குறையட்டும் என்று இப்போது யாரும் காத்திருப்பதில்லை. 2017 முதல் இந்தியாவில், எண்ணிக்கை எதுவானாலும் தொற்று உறுதியானவர் எல்லோருக்கும் மருந்து உண்டு.

மருந்து வைரஸை அடக்கியதும் தட்டணுக்கள் பலருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் ஏறிவிடுகின்றன. சி.டி.4 மெதுவாக, ஆண்டுக் கணக்கில் ஏறும். ஹீமோகுளோபினும் மெல்ல உயரும். வைரஸ் அடங்கிய பிறகும் அது உயராமல் நின்றால், மஜ்ஜைக்குள் பரவிய காசநோய், பி12 குறைவு, ரத்தக் கசிவு ஆகியவற்றை மருத்துவர் பார்ப்பார். பழைய கூட்டு மருந்துகளில் இருந்த ஜிடோவுடினையும் சந்தேகிப்பார். அந்த மருந்தே சிலருக்கு மஜ்ஜையை ஒடுக்கி ரத்தசோகையை உண்டாக்கும். ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு அதைத் தொடங்காமல் தவிர்த்தார்கள். சாப்பிடும்போது ரத்தம் குறைந்தால் டெனோஃபோவிருக்கு மாற்றினார்கள். இப்போது பெரும்பாலோருக்கு முதலிலேயே டெனோஃபோவிர் அடங்கிய மாத்திரைதான் தரப்படுகிறது.