கிரைண்டர், மிக்சி, ஓவன்: ஒரே பிளக்கில் மூன்றா?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் லயன் வீட்டிலேயே வடை, இட்லி, கேக் செய்து விற்கும் தாய்மாரே, விடியற்கால அவசரத்தில் மூன்றையும் ஒரே மல்டி பிளக்கில் போடுகிறீர்களா? "டிரிப் சுவிட்ச் விழலையே, என்ன பயம்?" என்பீர்கள். டிரிப் சுவிட்ச் விழுவது கரண்ட் கசிந்தால்தான், ஈரக் கை ஷாக்குக்கு அதுதான் காவல். பாரம் கூடினால் அது விழாது. பாரத்துக்கு விழ வேண்டியது பக்கத்திலுள்ள சிறிய பிரேக்கர், பழைய வீடுகளில் பியூஸ்.

சாமானின் அடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். கிரைண்டர் 150, மிக்சி 750, ஓவன் 2000 என்றால் மொத்தம் 2900 வாட்ஸ். 230 வோல்ட்டால் வகுத்தால் 12.6 அம்பியர். 13 அம்பியர் பிளக் பேஸுக்கே அது விளிம்பு. பழைய 5 அம்பியர் வட்டக்கால் பேஸ் தாங்குவது 1150 வாட்ஸ்தான், ஓவன் தனியாகவே அதற்கு மேல்!

ஓவனுக்கு போர்டிலிருந்து தனி வயரும் தனி பிரேக்கரும் போட வேண்டும், அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அதுவரை 13 அம்பியர் பேஸில் நேரடியாக ஓவனை மட்டும் போடுங்கள். மா அரைத்து முடித்த பிறகே அதை மூட்டுங்கள்.

பிளக் கை சுட்டால், பேஸ் பழுப்பேறினால் உடனே நிறுத்துங்கள். பியூஸ் அடிக்கடி போகுதென்று தடித்த கம்பி போடாதீங்க. பியூஸ் தப்பிவிடும், சுவருக்குள் வயர் எரியும்.