கழுத்து அகலம் 19: எங்கிருந்து எங்கே?

திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி ஒன்று தைக்கக் கொடுக்கும் ஆர்டர் பவர் டேபிள் யூனிட்டுக்கு வரும்போது, வெட்டிய துணிக் கட்டுகளோடு பத்துப் பதினைந்து தாள்கள் கொண்ட ஒரு கற்றையும் வரும். அதற்கு டெக் பேக் என்று பெயர். வெளிநாட்டில் இருக்கிற பையர் தனக்கு வேண்டிய உடுப்பைப் படமாகவும் அளவாகவும் குறிப்பாகவும் எழுதி அனுப்புவது அது. முன்பக்கப் படம், பின்பக்கப் படம், துணி, நூல், லேபிள் விவரம், சைஸ் வாரியான அளவுப் பட்டியல், எந்த இடத்தில் என்ன தையல், எப்படி மடித்துப் பேக் செய்வது என்று எல்லாமே அதில் இருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

லைன் சூப்பர்வைசருக்கு அன்றாடம் வேண்டியது இதில் மூன்று தாள்தான்: படம், அளவுப் பட்டியல், தையல் குறிப்பு. கம்பெனியிலிருந்து வரும் மெர்ச்சண்டைசர் இந்த மூன்றையும் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவதுண்டு. அது போதாது. விஷயம் தெரிந்தவர் தாளை ஓரமாக வைத்துவிட்டு, சாம்பிள் பீஸை மேஜைமேல் விரித்து, டேப்பைச் சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிடுவார். பட்டியலில் இருக்கும் எண் யார் கண்ணுக்கும் தெரியும். டேப்பின் முனையை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் எல்லாத் தகராறும் வருகிறது.

ஆண்களுக்கான ரவுண்ட் நெக் டி-சர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிங்கிள் ஜெர்சி பருத்தித் துணி, மீடியம் சைஸ். அதிலும் கழுத்து மட்டும் போதும். பக்கத் தையலையும் கீழ் மடிப்பையும் பழகிய கை தானாகத் தைத்துவிடும். கழுத்தில் அளவும் துணியின் இழுவையும் தையலும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. இங்கே சொல்லும் எண்கள் ஒரு மாதிரிக்குத்தான், பையருக்குப் பையர் மாறும்.

“அக்கா, கழுத்து அகலம் 19-னு போட்டிருக்காங்க. பீஸ்ல வச்சுப் பாருங்க.”

“பதினஞ்சுதான் வருதுங்க தம்பி. நாலு சென்டிமீட்டர் கொறையுதே?”

“நீங்க ரிப்போட மேல் ஓரத்துல வச்சிருக்கீங்க. ரிப்பும் பாடியும் சேர்ற தையல்ல வச்சுப் பாருங்கக்கா.”

இப்போது 19 வருகிறது. பட்டியலில் கழுத்து அகலத்துக்குப் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் ‘சீம் டு சீம்’ என்று இருக்கும். தையலிலிருந்து தையல் வரை என்று பொருள். ரிப்பின் உயரம் 2 சென்டிமீட்டர். அது இரண்டு பக்கமும் உள்நோக்கிப் படுவதால் திறப்பின் அகலம் 15 ஆகிவிடுகிறது. இன்னொரு பையர் அதே அளவை ‘எட்ஜ் டு எட்ஜ்’ என்று, அதாவது ஓரத்திலிருந்து ஓரம் வரை கேட்டிருப்பார். அந்தச் சிறிய எழுத்தைப் பார்க்காமல் திறப்பையே 19-க்குக் கொண்டுவந்தால் தையலில் 23 ஆகிவிடும். அந்தச் சட்டை ஒரு தோளில் நின்றால் மறு தோளில் நிற்காது.

கழுத்து இறக்கத்துக்கும் இதே கதைதான். அதை ‘ஹெச்.பி.எஸ்.’ என்ற புள்ளியிலிருந்து அளக்கச் சொல்வார்கள். சட்டையைத் தட்டையாக விரித்தால் தோள்பட்டை கழுத்தைத் தொடுகிற இடத்தில் மிக உயரமாக நிற்கிற புள்ளி அது. தோள்தையலை முன்பக்கம் தள்ளித் தைக்கிற மாடல்களில் தையலும் இந்தப் புள்ளியும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தையலைப் பார்த்து டேப் வைக்கிறவருக்கு முழு உயரமும் கழுத்து இறக்கமும் இரண்டுமே தப்பாக வரும்.

அடுத்தது அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம். நம் மாதிரியில் மார்பு அகலம் மீடியத்துக்கு 52, லார்ஜுக்கு 54. கூடவோ குறையவோ 1 சென்டிமீட்டர் போகலாம். மீடியம் 53-ஆகவும் லார்ஜும் 53-ஆகவும் வந்தால் இரண்டுமே தாள்படி பாஸ்தான். ஆனால் கடையில் லேபிளைத் தவிர அவற்றுக்குள் வித்தியாசம் இருக்காது. இந்தச் சலுகை கை தவறுவதற்காகக் கொடுத்தது, ஒரே பக்கமாகச் சாய்வதற்குக் கொடுத்தது அல்ல. அளந்த பத்து பீஸும் கூடுதல் பக்கமே நின்றால் எல்லாம் பாஸ் ஆனாலும் லைனில் எங்கோ பிசகு இருக்கிறது என்று அர்த்தம். கழுத்தில் இது இன்னும் கறார். சைஸுக்குச் சைஸ் மார்பு 2 சென்டிமீட்டர் கூடும்போது கழுத்து அகலம் அரை சென்டிமீட்டர்தான் கூடுகிறது. ஏற்ற இறக்கமும் அதே அரை சென்டிமீட்டர். லார்ஜ் ரிப் ஒன்று மீடியம் பாடியில் ஏறிவிட்டால் வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ரிப் வளையங்களைச் சைஸ் டோக்கனோடு தனித்தனியாகக் கட்டி வைக்கச் சொல்வது அதனால்தான்.

இனி ரிப். பாடியின் கழுத்து வளைவைத் தையல் ஓரமாக டேப்பை நடக்கவிட்டு அளந்தால் நம் மாதிரியில் சுமார் 52 சென்டிமீட்டர் வரும். ரிப்பையும் 52-க்கே வெட்டலாமே என்று தோன்றும். வெட்டினால் ரிப்பின் கீழ் ஓரம் தையலோடு சரியாகப் பொருந்தும், மேல் ஓரம் அலை அலையாக எழும்பி நிற்கும். உள்பக்க வட்டம் சிறியது, அங்கே அவ்வளவு துணி வேண்டாம். அதனால் ரிப்பை வளைவில் ஏறக்குறைய 85 சதவீதத்துக்கு வெட்டுகிறார்கள். 52-க்கு அது 44 சொச்சம், மேலே தையலுக்கான துணி. எத்தனை சதவீதம் என்பதை ரிப்பின் இழுவையைப் பார்த்துப் பேட்டர்ன் மாஸ்டர் முடிவு செய்வார். லைக்ரா கலந்த ரிப் என்றால் கணக்கே வேறு.

சூப்பர்வைசர் பார்க்க வேண்டியது அந்தக் குறைவு வளையம் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கிறதா என்பதை. ஓவர்லாக்கில் உட்காருகிறவர் ஆரம்பத்தில் ரிப்பைத் தளர்வாக விட்டு, கடைசியில் மிஞ்சியதை ஒரே இழுப்பாக இழுத்து முடித்தால் கழுத்து ஒரு பக்கம் சுருங்கும், மறு பக்கம் தூக்கும். மொத்த அளவு சரியாகவே இருக்கும், பீஸ் மட்டும் கோணலாக இருக்கும். பாடியிலும் ரிப்பிலும் நான்கு இடத்தில் குறி வைத்துக் குறியோடு குறி சேர்த்துத் தைத்தால் இது வராது. குறி வைக்கப் பிடிக்கும் நேரத்தைப் பீஸ் ரேட்டில் சேர்க்காவிட்டால் யாரும் வைக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தையல் குறிப்பில் மூன்று இலக்க எண்கள் இருக்கும். இவை உலகம் முழுக்க ஒன்றே: 301 என்றால் சிங்கர் தையல், 514 என்றால் நாலு நூல் ஓவர்லாக், 406 என்றால் இரண்டு ஊசி கவர்ஸ்டிச். கடைசியில் சொன்னதை நம் ஊரில் பேட்லாக் என்போம். வெளியூர்க்காரர் ஃப்ளாட்லாக் என்று எழுதினால் இரண்டு துணியை ஒட்டவைத்து நாலு ஊசியில் தைக்கிற 607-ஐ நினைத்திருக்கலாம். அதற்கு மெஷினே வேறு. பெயரைவிட எண்ணை நம்புவது நல்லது.

நம் கழுத்துக்கு மூன்று வேலை எழுதியிருக்கிறது. ரிப்பைப் பாடியில் 514-ல் ஏற்ற வேண்டும். பின்கழுத்தில் தோளிலிருந்து தோள்வரை ஒரு டேப்பை 301-ல் மூட வேண்டும். முன்கழுத்தில் மேலே 406 போட வேண்டும். இவற்றோடு அளவுப் பட்டியலின் மூலையில் ஒரு வரி கிடக்கும்: கழுத்தை இழுத்தால் சுற்றளவு குறைந்தது 60 சென்டிமீட்டர் வர வேண்டும். தலை நுழைகிற கணக்கு அது.

இந்த ஒரு வரிக்காகத்தான் ஓவர்லாக். அதன் நூல்கள் வளைந்து வளைந்து கோர்க்கப்படுவதால் துணி விரியும்போது தையலும் கூடவே விரியும். சிங்கர் தையலில் மேல்நூலும் பாபின் நூலும் நேர்கோட்டில் பூட்டிக்கொள்கின்றன, இழுத்தால் ‘பட்’டென்று அறும். அப்படியானால் பின்கழுத்து டேப்பைச் சிங்கரில் தைக்கச் சொன்னது ஏன்? பின்கழுத்து இழுபட்டுத் தொங்காமல் இருக்க வேண்டும் என்பதற்குத்தான். அதற்கான விலையை முன்கழுத்து கொடுக்கிறது.

கணக்கு இதோ. 52-ல் பின்கழுத்து சுமார் 20, முன்பக்கம் 32. பின்கழுத்து டேப்பால் கட்டப்பட்டுவிட்டது, அது விரியாது. மொத்தம் 60 வர வேண்டுமானால் முன்பக்கம் 32-லிருந்து 40-க்குப் போக வேண்டும். கால் பங்கு விரிவு. நல்ல துணிக்கு இது முடியும். இப்போது டேப் வைக்கிறவர் வேகத்தில் டேப்பை இழுத்துப் பிடித்துத் தைக்கிறார், 20 என்பது 18 ஆகிறது என்று வையுங்கள். முன்பக்கம் 42-க்குப் போக வேண்டும், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரிய வேண்டும். அங்கேதான் 406-ன் நூல் தெறிக்கிறது. கூடவே கழுத்து அகலமும் 19-லிருந்து இறங்கிவிடும்.

செக்கிங்கில் இது பிடிபட்டால் பழி பேட்லாக் டெய்லர்மேல்தான் விழும், அறுந்தது அவர் தையல் என்பதால். நூல் இறுக்கத்தைத் தளர்த்துவார்கள், நூலை மாற்றுவார்கள், குறை போகாது. பின்கழுத்தைத் திருப்பி, டேப்புக்குக் கீழே துணி சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். சுருக்கம் இல்லாமல் நூல் அறுந்தால் பேட்லாக்கைப் பார்க்கலாம். ஒரு அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் என்று குறிப்பு சொல்ல, மெஷின் 8-ல் ஓடிக்கொண்டிருக்கலாம். தையலில் சேரும் நூல் குறைந்தால் விரிவும் குறையும். ஸ்கேலை வைத்து ஒரு ஊசி வரிசையை மட்டும் எண்ண வேண்டும், இரண்டு வரிசையையும் கூட்டிவிடக் கூடாது. நூல் அறாமல் தையலோரத்தில் சிறு ஓட்டை விழுந்தால் குற்றம் ஊசியிடம் இருக்கும். முனை மழுங்கலாகச் செய்த பால் பாயிண்ட் ஊசி நூலிழைகளை விலக்கிக்கொண்டு இறங்கும். கூர் ஊசியோ முனை உடைந்த ஊசியோ இழையையே வெட்டிவிடும், துவைத்த பிறகு அது ஏணிபோல ஓடும்.

அளப்பதற்கும் நேரம் உண்டு. அயர்ன் டேபிளிலிருந்து சுடச்சுட எடுத்த பீஸில் நீளம் கூடித் தெரியும். ஆறி அடங்கிய பிறகு அளந்ததே நிஜம். பட்டியல் துவைக்கும் முன் அளவா, பின் அளவா என்பதும் தாளின் மேலேயே எழுதியிருக்கும்.

அதே மேல்பகுதியில் தேதியும் இருக்கும். சாம்பிளைப் பார்த்த பையர் ‘கழுத்தை அரை சென்டிமீட்டர் குறைக்கவும்’ என்று எழுதியிருந்தால் அந்தத் திருத்தம் புதிய தேதியோடு வரும். பழைய பட்டியல் அதற்குள் லைன் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். புதியதை அதன் பக்கத்தில் ஒட்டாமல், பழையதைக் கிழித்தெடுத்துவிட்டு ஒட்டச் சொல்ல வேண்டும்.