இரண்டு பிராம்ப்டுகளில் சிறந்தது எது?

ஒரு வயலில் இரண்டு நெல் இரகங்களை ஒப்பிட விரும்புவோர், வளமான மேட்டுப் பாத்தியில் ஒன்றையும் உவர்ப் பாத்தியில் மற்றொன்றையும் விதைப்பதில்லை. எந்தப் பாத்தியில் எந்த இரகம் என்பதைக் குலுக்கல் முறையில் நிர்ணயிக்க வேண்டும் என்பதை, 1919-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த ஆர். ஏ. ஃபிஷர் என்னும் விஞ்ஞானி நிலைநாட்டினார். அதே விதி இன்று விவசாயிகளின் கேள்விகளுக்கு விடை கூறும் கணினி உரையாடல் சேவைகளுக்கும் பொருந்துகிறது. பி.எம்.-கிசான் திட்டத்திற்காக மத்திய அரசு 2023-இல் தொடங்கிய கிசான் இ-மித்ரா இத்தகைய சேவைகளுள் ஒன்றாகும்.

மொழி மாதிரி ஒன்றின் அடிப்படையில் இயங்கும் சேவையில், விடை எவ்வாறு அமைய வேண்டும் என்று கணினிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் அறிவுரைக்குப் பிராம்ப்ட் என்று பெயர். அதில் ஒரு வாக்கியத்தை மாற்றினாலும் விடைகள் மாறக்கூடும். மாற்றம் நன்மை தந்ததா என்பதை எவ்வாறு அறிவது?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பகுதியைக் கற்பனை உதாரணமாகக் கொள்வோம். இங்குத் தமிழும் மலையாளமும் கலந்து வழங்குகின்றன. "தென்னையில் செல்லி விழுந்திருக்கிறது" என்று ஒரு விவசாயி எழுதுகிறார். கொம்பன் செல்லி என்பது காண்டாமிருக வண்டு. செம்பன் செல்லி என்பது சிவப்புக் கூன்வண்டு. முன்னது விரியாத குருத்தைத் துளைப்பதால், பின்னர் விரியும் ஓலை விசிறி வடிவில் வெட்டுண்டு காணும். பின்னதன் புழு தண்டின் உள்ளே குடைய, துளைகளிலிருந்து பழுப்பு நிறச் சாறு வடியும். இரண்டிற்கும் சிகிச்சை வேறு. தவறான விடையை நம்பிக் காலந்தாழ்த்தினால் மரமே பட்டுப்போகலாம்.

பழைய பிராம்ப்ட் உடனே விடை கூறச் சொல்கிறது. புதியது, அறிகுறியைப் பற்றி முதலில் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறது. வரும் விவசாயிகளை இவ்விரண்டிற்கும் குலுக்கல் முறையில் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டியது செய்திகளை அல்ல, மனிதரை. ஒருவர் எத்தனை முறை வந்தாலும் ஒரே பிராம்ப்டையே பெற வேண்டும். இன்றேல் ஒரே உரையாடலில் இரண்டும் கலந்து, எதன் பயன் எது என்று தெரியாமற் போகும். மறுநாள் ஒவ்வொருவரிடமும், "உங்கள் ஐயம் தீர்ந்ததா?" என்று கேட்டு, ஆம் என்றவர்களை எண்ணுகிறோம்.

எத்தனை பேர் போதும்? இதைச் சோதனை தொடங்குமுன் கணக்கிட வேண்டும்.

```
n = 16 × p × (1 − p) / d²
```

இதில் p என்பது இப்போதைய வெற்றி விகிதம். d என்பது நாம் தவறவிடக்கூடாத மிகச் சிறிய வேறுபாடு. n என்பது ஒவ்வொரு பிரிவிற்கும் வேண்டிய எண்ணிக்கை. உண்மையில் அவ்வளவு வேறுபாடு இருப்பின், இந்த எண்ணிக்கை அதனைப் பத்தில் எட்டு முறை கண்டுபிடிக்கும். பழைய பிராம்ப்டில் 60 சதவிகிதத்தினர் ஐயம் தீர்ந்தது என்பதாகக் கொள்வோம். 10 சதவிகித வேறுபாட்டைக் காண 384 பேர் போதும். 5 சதவிகிதத்தைக் காணவோ 1,536 பேர் தேவை. வேறுபாடு பாதியானால் தேவை நான்கு மடங்காகிறது. நாள்தோறும் புதிதாக 100 பேர் வந்தால், இரு பிரிவிற்கும் வேண்டிய 3,072 பேர் சேர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும்.

முதல் நாட்களில் பழையதில் 20 பேரில் 11 பேரும், புதியதில் 20 பேரில் 15 பேரும் ஆம் என்றனர் என்க. 55-க்கு எதிராக 75 சதவிகிதம்! ஆயினும் இத்துணைச் சிறு கூட்டத்தில் இவ்வேறுபாடு தற்செயலாகவே எழக்கூடும். இடையிடையே பார்த்து, சாதகமான நாளில் நிறுத்திவிடுவது பெரும் பிழை. வேறுபாடே இல்லாதபோதும், 10 முறை பார்த்தால், தவறாக ஒன்றை வெற்றியென அறிவிக்கும் வாய்ப்பு 5-லிருந்து சுமார் 19 சதவிகிதமாக உயர்கிறது.

மற்றொரு பிழையும் உண்டு. எதிர்க்கேள்வியைக் கண்டு சிலர் பதில் எழுதாமலே விலகுவர். அவர்களை நீக்கிவிட்டு, உரையாடலை முடித்தவர்களை மட்டும் எண்ணினால், புதிய பிராம்ப்ட் உள்ளதைவிடச் சிறந்ததாகத் தோன்றும். ஆகவே விலகியோரையும், மறுநாள் மறுமொழி தராதோரையும், ஐயம் தீராதவராகவே எண்ணுதல் வேண்டும்.

மாத இறுதியில் பழையதில் 1,536 பேரில் 922 பேரும், புதியதில் 983 பேரும் ஆம் என்றனர் என்று கொண்டால், வேறுபாடு சுமார் 4 சதவிகிதம். கணக்குப்படி உண்மையான வேறுபாடு 0.5-க்கும் 7.4-க்கும் இடையே இருக்கலாம். புதியதை ஏற்கலாம், நன்மை மிகச் சிறிதாகவும் இருக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது. ஐயம் தீர்ந்தது என்று விவசாயி கூறுவதும், கூறப்பட்ட சிகிச்சை சரியானது என்பதும் ஒன்றல்ல. ஆகையால் இரு பிரிவிலிருந்தும் சில உரையாடல்களைக் குலுக்கி எடுத்து, கிருஷி பவன் அலுவலர் நேரில் மரத்தையே பார்த்து ஒப்பிடுவது அவசியம்.