'கோ'வா, 'கோஸா'?

"ஐ சஜஸ்ட் தட் ஹி கோஸ் டு த டாக்டர்." இந்த வாக்கியத்தில் பிழை உண்டா என்று போட்டித் தேர்வில் கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் தயங்காமல் 'பிழை இல்லை' என்று எழுதிவிடுவார்கள். ஹி, ஷி, இட் வந்தால் வினைச்சொல்லோடு 'எஸ்' சேர்க்க வேண்டும் என்பது ஆறாம் வகுப்பிலேயே மனதில் பதிந்துபோன விதி. ஆனால் விடைத்தாளில் இருப்பது "ஹி கோ". எஸ் கிடையாது.

இந்தச் சிக்கல் எல்லா வாக்கியத்திலும் தலைகாட்டுவதில்லை. "ஐ சஜஸ்ட் தட் யூ கோ" என்றாலோ "தே கோ" என்றாலோ வேறுபாடே தெரியாது. அங்கே வினை எப்படியும் எஸ் இல்லாமல்தான் நிற்கும். ஹி, ஷி, இட் வரும்போதும், 'இஸ்', 'வாஸ்' வர வேண்டிய இடத்தில் 'பி' வரும்போதும், 'நாட்' சேரும்போதும்தான் இது கண்ணில் படுகிறது. "ஐ சஜஸ்ட் தட் ஹி நாட் கோ" என்பது காதுக்கு விநோதமாக இருக்கும், ஆனால் சரியான ஆங்கிலம். நடுவில் 'டஸ்' கூடத் தேவையில்லை. நேற்று நடந்ததைச் சொல்லும்போதும் இந்த வினை அசைவதில்லை: "ஹி சஜஸ்டட் தட் ஷி கோ". 'சஜஸ்டட்' இறந்தகாலத்துக்குப் போய்விட்டது, 'கோ' போகவில்லை.

இதற்கு இலக்கணத்தில் சப்ஜங்டிவ் என்று பெயர். நடந்ததை, நடப்பதைச் சொல்லும் வினை ஒரு வகை. நடக்க வேண்டும் என்று விரும்புவதைச் சொல்லும் வினை இன்னொரு வகை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்து உதிர, 'நடக்கிறது' என்று சொல்லும் வினையில் மட்டும் ஒருமைக்கு எஸ் மிஞ்சியது. விருப்பத்தைச் சொல்லும் வினை வெறும் வேர்ச்சொல்லாக நின்றுவிட்டது. ஆகவே "ஹி கோ" என்பதில் யாரும் எஸ்ஸைத் தொலைத்துவிடவில்லை. அந்த இடத்தில் அது என்றைக்குமே இருந்ததில்லை. பிரிட்டனின் தேசிய கீதம் தொடங்கும் "காட் சேவ்" என்பதிலும் 'சேவ்ஸ்' இல்லாததற்கு இதுவே காரணம். கடவுள் காக்கிறார் என்ற செய்தி அல்ல அது, காக்கட்டும் என்ற வேண்டுதல். 'வாழ்க', 'வெல்க' என்ற வியங்கோளில் வளர்ந்த தமிழருக்கு இது புரியாத சங்கதியே இல்லை.

சஜஸ்ட், இன்சிஸ்ட் என்ற இரண்டு வினைகளில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. டிமாண்ட், ரெக்கமெண்ட் போன்றவற்றுக்கு ஏறக்குறைய ஒரே வேலைதான்: இப்படி நடக்க வேண்டும் என்று கேட்பது. இந்த இரண்டுக்கும் அப்படியில்லை, இரட்டை வேலை.

ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். நோயாளி இருமிக்கொண்டு வருகிறார். படம் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் நினைக்கிறார். "த டாக்டர் சஜஸ்ட்ஸ் தட் ஹி ஹேவ் ஆன் எக்ஸ்ரே." இது யோசனை, எக்ஸ்ரே இன்னும் எடுக்கப்படவில்லை. எனவே 'ஹேவ்'. படம் வந்த பிறகு எழுதுகிறார்கள்: "த எக்ஸ்ரே சஜஸ்ட்ஸ் தட் ஹி ஹேஸ் டிபி." இங்கே படம் யாருக்கும் யோசனை சொல்லவில்லை. காசநோய் இருப்பதாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். எனவே 'ஹேஸ்'. சஜஸ்ட்டுக்குப் பின்னால் எஸ் வரவே கூடாது என்று மனப்பாடம் செய்தவர் இந்த இரண்டாவது வாக்கியத்தில் 'ஹேவ்' என்று திருத்தினால், சரியானதைத் தப்பாக்கிவிடுவார்.

இன்சிஸ்ட் இன்னும் வில்லங்கமானது. அந்த நோயாளியின் மனைவியைப் பற்றி நர்ஸ் குறிப்பு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஷி இன்சிஸ்டட் தட் ஹி டேக் த டேப்லெட்" என்று எழுதினால், மாத்திரையைப் போட்டே ஆகவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். "ஷி இன்சிஸ்டட் தட் ஹி டுக் த டேப்லெட்" என்று எழுதினால், கணவர் மாத்திரை போட்டுக்கொண்டதாக அடித்துச் சொன்னார். டாக்டர் 'போடவில்லை போலிருக்கிறதே' என்கிறார், மனைவி 'போட்டார்' என்று சாதிக்கிறார். ஒரே ஒரு சொல்லின் வடிவம் மாறியதில், இனி கொடுக்க வேண்டிய மாத்திரை ஏற்கெனவே கொடுத்த மாத்திரையாகிவிடுகிறது. அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர் அதை எப்படிப் படிப்பார் என்பது சாதாரண விஷயம் அல்ல.

அப்படியானால் "ஹி கோஸ்" என்பது தப்பு என்றே தீர்ப்பு எழுதிவிடலாமா? அமெரிக்கரிடம் கேட்டால் ஆம் என்பார். லண்டன்காரர் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டார். பிரிட்டனில் இந்த வெறும் வினை நாளடைவில் வழக்கொழிந்து, அந்த இடத்தில் 'ஷுட்' வந்து உட்கார்ந்தது: "ஹி ஷுட் கோ". பேச்சில் "ஹி கோஸ்" என்பதும் அங்கே சகஜம். 1926-இல் வெளிவந்த தன் ஆங்கில மொழிவழக்கு அகராதியில் ஃபௌலர் சப்ஜங்டிவைச் சாகக் கிடக்கும் வடிவமாகவே கருதினார். ஆனால் கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் அது சாகவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அங்கே நன்றாக வேரூன்றிவிட்டது. 1961-இல் அச்சான எழுத்துகளிலிருந்து பத்து லட்சம் சொற்களை அமெரிக்காவுக்கு ஒரு தொகுப்பாகவும் பிரிட்டனுக்கு ஒரு தொகுப்பாகவும் திரட்டி ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டார்கள்: அமெரிக்கத் தொகுப்பில் இவ்வகை வாக்கியங்களில் வெறும் வினையே கோலோச்சியது, பிரிட்டிஷ் தொகுப்பில் ஷுட். முப்பது ஆண்டு கழித்து 1991-இன் பிரிட்டிஷ் எழுத்துகளை அதே முறையில் தொகுத்தபோது, வெறும் வினை அங்கேயும் கூடியிருந்தது. செத்துவிடும் என்று நினைத்தது அட்லாண்டிக்கைத் தாண்டித் திரும்பி வந்திருக்கிறது.

நம் ஊர் வகுப்பறைகளில் இதற்கு ஒரு குறுக்குவழி சொல்லித் தருகிறார்கள். 'ஷுட்' மறைந்து நிற்பதாக நினைத்துக்கொள். ஷுட்டுக்குப் பின் எஸ் வராது அல்லவா, அதுபோல இங்கேயும் வராது. வரலாற்றின்படி இது சரியல்ல. ஷுட் பின்னால் வந்தது, வெறும் வினைதான் மூத்தது. ஆனாலும் விடை சரியாகவே வரும். "ஹி ஷுட் நாட் கோ" என்பதில் ஷுட்டை எடுத்துவிட்டால் "ஹி நாட் கோ" கிடைக்கிறது. எக்ஸ்ரே வாக்கியத்தில் ஷுட்டைப் போட்டுப் பார்த்தால் 'அவருக்குக் காசநோய் இருக்க வேண்டும் என்று படம் யோசனை சொல்கிறது' என்று அபத்தமாகிவிடும். அங்கே 'ஹேஸ்' என்று அப்போதே தெரிந்துவிடுகிறது. பரிட்சைக்கு இதைவிட நல்ல உரைகல் இல்லை.

இந்திய அலுவலகங்களில் இந்த வடிவத்தைத் தினமும் கையாளுகிறவர்களும் உண்டு, பெயர் தெரியாமலே. கம்பெனி இயக்குநர் குழுத் தீர்மானங்களில் "ரிசால்வ்ட் தட்" என்று தொடங்கி "பி அண்ட் இஸ் ஹியர்பை அப்பாயிண்டட்" என்று வரும். ஏன் பி, இஸ் இரண்டும்? 'பி' என்பது, நியமிக்கப்படட்டும் என்று குழு விரும்புவது. 'இஸ்' என்பது, இதனால் நியமிக்கப்பட்டாயிற்று என்ற அறிவிப்பு. பழைய வழக்கறிஞர் நடை இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

கோவா கோஸா என்பதில் நாட்டுக்கு நாடு கருத்து மாறலாம். ஆனால் "ஹி சஜஸ்டட் மீ டு கோ" என்று எழுதினால் அமெரிக்கரும் ஏற்கமாட்டார், பிரிட்டிஷ்காரரும் ஏற்கமாட்டார். 'என்னைப் போகச் சொன்னார்' என்ற தமிழ் வாக்கியத்தின் நிழல் அது. அட்வைஸ், ஆஸ்க், டெல் என்ற வினைகளுக்கு அந்த அமைப்பு பொருந்தும், சஜஸ்ட்டுக்குப் பொருந்தாது. "ஹி சஜஸ்டட் தட் ஐ கோ" என்று எழுத வேண்டும். இன்சிஸ்ட்டும் அப்படித்தான்: "இன்சிஸ்டட் டு கோ" கிடையாது, தானே போகப் பிடிவாதம் பிடித்தால் "இன்சிஸ்டட் ஆன் கோயிங்", இன்னொருவரைப் போகச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தால் "இன்சிஸ்டட் தட் ஹி கோ".